பரலைப் பாலாக்கும் நிரல்

ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கங்களை எழுத்தாக்க நண்பர் ஒருவர் எழுதிய பைத்தான் நிரலை ஓட்டிப் பார்த்தேன். டெசராக்டைக் கூப்பிடும் முதல் பாதியில் குறை சொல்ல ஒண்ணுமில்லை. சிக்கல், அதற்கப்புறம் வரும் ‘சுத்தம் செய்யும்’ பாதியில்தான்.

```python
text = re.sub(r"[^\w\s]", "", text)
```

நிறுத்தக்குறிகளை நீக்கத்தான் இந்த வரி. ஆங்கிலத்துக்கு எழுதியதை அப்படியே எடுத்திருக்கிறார். பைத்தானின் `re`, புள்ளியையும் கொம்பு, கால்களையும் எழுத்தாக எண்ணுவதில்லை. அதனால் `\w`-வில் அவை அடங்கா. ‘தமிழ்’ போய் ‘தமழ’ வரும், ‘பெண்’ போய் ‘பண’ வரும். இதையாவது பார்த்த உடனே கண்டுபிடித்துவிடலாம். `\w` பக்கத்தில் `\u0B80-\u0BFF` சேர்த்தால் சரியாகிவிடும்.

கண்ணில் படாத தவறு வேறொன்று. அச்சில் ரகரமும் காலும் ஒரே மாதிரி இருப்பதால் ஓசிஆர் இரண்டையும் குழப்பும். அதற்கு நண்பர் வைத்த விதி: சொல் பட்டியலில் இல்லையென்றால் ‘ர’வைக் காலாக மாற்றிப் பார், அது பட்டியலில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்.

நான் கொடுத்தது சிலப்பதிகாரக் கதைச் சுருக்கம். ஓசிஆர் ‘மாணிக்கப் பரல்’ என்று சரியாகவே படித்திருந்தது. பட்டியலில் ‘பரல்’ இல்லை, ‘பால்’ இருந்தது. கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கப் பால், பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் முத்துப் பால்! வழக்கே அந்தப் பரலை வைத்துத்தான் தீர்ந்தது. பிழைதிருத்தியும் இதைப் பிடிக்காது, ‘பால்’ நல்ல சொல்தானே. பழைய புத்தகத்தில் பட்டியலுக்கு வெளியே உள்ள சொற்கள்தான் நிறைய. அவற்றைத் தேடித்தானே அதை எடுக்கிறோம்.

திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘அவா்கள்’ என்று வந்திருந்தால் அது ‘அவர்கள்’தான். காலுக்கு மேல் புள்ளி வராது. கொக்கியோ கொம்போ கூட வராது. அகராதியே வேண்டாம்:

```python
text = re.sub("\u0BBE(?=[\u0BBF-\u0BCD])", "ர", text)
```

இரண்டு கால் அடுத்தடுத்து வருவதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ‘இாாமன்’ என்றால் முதல் கால் ரகரம், ‘காாணம்’ என்றால் இரண்டாவது. எது என்று நிரலுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட இடங்களை மாற்றாமல், குறி மட்டும் போட்டு மனுசர் பார்க்க விட வேண்டும்.

எனக்கு அதைவிடப் பெரிய குறை, ஓசிஆர் தந்த மூல வரியை நிரல் எங்கேயும் சேமிப்பதில்லை, சுத்தம் செய்ததை மட்டுமே எழுதுகிறது. பரல் பாலானது எனக்குத் தெரிந்ததே பக்கத்தின் படத்தைத் திறந்து வைத்துப் படித்ததால்தான். இதே நிரலில் முன்பு ஓட்டிய புத்தகங்களில் எத்தனை பரல் போனதோ, மறுபடி ஓசிஆர் செய்துதான் பார்க்கணும்.