இருபத்தொரு நாள் கணக்கு மலைக்குப் பொருந்துமா?
தேவிகுளத்தில் யூரியா வைக்கோல்: ஒரு திறனாய்வு

சனவரியில் தேவிகுளம், மூணாறு பக்கம் உறைபனி விழுகிறது. தேயிலைக் கொழுந்தோடு சேர்ந்து புல்லும் கருகிவிடும். அடுத்து வரும் கோடை மாதங்களிலும் புல் போதுமான அளவு தழைப்பதில்லை. எஸ்டேட் லயங்களில் ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்கள் அப்போது வைக்கோலைத்தான் நம்புகிறார்கள். அந்த வைக்கோலும் உள்ளூரில் விளைவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து போடிமெட்டு வழியாகவோ, பாலக்காட்டிலிருந்தோ லாரியில் ஏறி வரவேண்டும். 2016 அக்டோபரில் கேரளத்தின் பதினான்கு மாவட்டங்களும் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஆண்டில் வைக்கோல் வரும் சமவெளியே தவித்து நிற்கும்.

இந்தத் தட்டுப்பாட்டுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் மருந்து யூரியா ஊட்டமேற்றம். 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பூவாளியால் அடுக்கடுக்காகத் தெளித்து மிதிக்கவேண்டும். பிறகு தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் விடவேண்டும். செய்முறை இவ்வளவுதான். இதன் அறிவியலில் பிழை இல்லை. ஆனால் இது சமவெளியில் உருவான கணக்கு. தேவிகுளத்துக்கு அதை அப்படியே தூக்கி வந்தால் இரண்டு இடங்களில் இடறுகிறது என்பதே என் வாதம்.

முதலில் அதன் பலத்தைப் பார்ப்போம். வைக்கோலில் மாவுப்பொருள் இல்லாமல் இல்லை. லிக்னின் என்னும் மரப்பொருள் அதைக் கட்டிப்போட்டிருப்பதால், மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்களால் அதை எட்ட முடிவதில்லை. மூடிய போருக்குள் யூரியா அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியா அந்தக் கட்டுகளை அறுத்து நாரை ஊதிப் பெருக்குகிறது. இதனால் 45 விழுக்காடு அளவில் இருந்த செரிமானம் 54, 55 வரை உயரும். 3, 4 விழுக்காடாக இருந்த கச்சாப் புரதம் 7, 8 ஆகும். வைக்கோல் மென்மையாவதால் மாடு கால்பங்கு கூடுதலாகவும் தின்னும். புரதம் இரட்டிப்பாவதைத்தான் பலரும் பெரிதாகச் சொல்கிறார்கள். உண்மையில் சேர்க்கும் நைட்ரஜனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, போரைத் திறந்ததும் காற்றோடு போய்விடுகிறது. பெரிய ஆதாயம் செரிமானத்தில்தான் இருக்கிறது.

இனி முதல் இடறல். யூரியா அம்மோனியாவாக மாறுவதும், அம்மோனியா நாரை இளக்குவதும் வெப்பத்தைப் பொறுத்தவை. 30 பாகைக்கு மேல் ஒரு வாரமே போதும். 15 முதல் 30 வரை ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும். 5 முதல் 15 வரை நான்கு முதல் எட்டு வாரம் பிடிக்கும். பாலக்காட்டுச் சித்தூர் வெயிலில் 21 நாள் தாராளமான கணக்கு. இரவில் உறைபனி விழும் தேவிகுளத்தில் அது அரைகுறை வேலை. ஐந்தாறு வாரமாவது விடவேண்டும்.

அவசரப்பட்டால் பலன் குறைவதோடு ஆபத்தும் வரும். மாறாத யூரியா வைக்கோலில் அப்படியே தங்கி, மாட்டின் வயிற்றில் மிக வேகமாக அம்மோனியாவாகி இரத்தத்தில் கலக்கும். மாடு நடுங்கும், வயிறு உப்பும், வாயில் நுரை தள்ளும், மூச்சுத் திணறும். சில மணி நேரத்தில் இறந்தும் போகலாம். போருக்கு அடியில் தேங்கிய யூரியாத் தண்ணீரைக் குடித்தாலும் இதே கதிதான். ஆகவே நாள்காட்டியை விட்டுப் போரைப் பார்த்து முடிவெடுக்கவேண்டும். நன்றாகப் பதமான வைக்கோல் பொன்னிறத்திலிருந்து பழுப்புக்கு மாறியிருக்கும், கைக்கு மெத்தென்று இருக்கும், திறந்தவுடன் நெடி கண்ணைக் கரிக்கும். நிறம் மாறாமல் வெளிறியிருந்து, நெடியும் இல்லையென்றால் மறுபடி மூடிவிடவேண்டும். வெள்ளையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை படர்ந்திருந்தால் அங்கே காற்றுப் புகுந்திருக்கிறது. அந்தப் பகுதியைக் கழித்துவிடவேண்டும்.

இரண்டாவது இடறல் பணக்கணக்கில். 300 கிலோ வைக்கோல் வாங்கிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 12 கிலோ யூரியா, 150 லிட்டர் தண்ணீர், அதாவது பத்துக் குடம், ஒரு தார்ப்பாய், இரண்டு பேருக்கு அரைநாள் வேலை. 45 கிலோ யூரியா மூட்டை மானிய விலையில் ஏறக்குறைய 267 ரூபாய் என்பதால் யூரியாச் செலவு 71 ரூபாய்தான்.

மாடு நாளுக்கு 5 கிலோ சாதா வைக்கோல் தின்றால் அதில் செரிப்பது 2.25 கிலோ. ஊட்டமேற்றிய வைக்கோலைக் கால்பங்கு கூட்டித் தின்றால் 3.4 கிலோ செரிக்கும். ஒன்றரை மடங்கு என்று சொல்லப்படும் பலன் இதுதான். ஆனால் 60 நாள் வரவேண்டிய வைக்கோல் அப்போது 48 நாளில் தீர்ந்துவிடும். சொந்த வயலில் போர் குவித்திருக்கும் பாலக்காட்டு விவசாயிக்கு அது பொருட்டல்ல. விலைகொடுத்து வாங்கியவர் 5 கிலோவுக்கு மேல் போடமாட்டார். அவருக்குச் செரிப்பது 2.7 கிலோ. ஆதாயம் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 300 கிலோவுக்கும் சேர்த்துப் பார்த்தால் மிச்சமாவது ஏறக்குறைய 40 கிலோ கலப்புத் தீவனம். இதுவும் நட்டமில்லை. ஆனால் கால்நடைத் துறையின் துண்டறிக்கை தரும் நம்பிக்கையில் பாதிகூட இல்லை.

இந்த முறை நன்றாகத் தெரிந்த பிறகும் பரவலாகக் கைக்கொள்ளப்படாததற்கு இங்கேதான் காரணம் இருக்கிறது. 1980களில் இலங்கையிலும், பிறகு இந்தியாவிலும் நெதர்லாந்தின் துணையோடு வைக்கோல் ஆய்வுகள் நடந்தன. வைக்கோல் மலிந்து பசுந்தீவனம் அரிதான இடத்தில், நடுத்தரமாகக் கறக்கும் மாட்டுக்கே இது ஏற்றது என்ற தெளிவு அவற்றில் கிடைத்தது. மாட்டுப்பட்டியில் 1963இல் தொடங்கிய இந்திய–சுவிஸ் திட்டத்தில் உருவான சுனந்தினி போன்ற கலப்பினப் பசு பத்து லிட்டர் கறக்கும்போது இந்த வைக்கோல் மட்டும் ஈடுகொடுக்காது. கறவை வற்றிய மாட்டுக்கும் வளரும் கிடேரிக்கும் இது சரியான தீனி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கவே கூடாது.

ஆக என் தீர்ப்பு இது: தேவிகுளத்தில் யூரியா வைக்கோலைக் கைவிடவேண்டியதில்லை, திருத்திச் செய்யவேண்டும். தீவனம் தீர்ந்தபிறகு தொடங்கினால் பயனில்லை. மார்ச்சில் தீனி வேண்டுமென்றால் சனவரி பிறந்ததுமே, வெயில் விழும் மேட்டில் போரை மூடிவிடவேண்டும். வேண்டியதை ஒரு பக்கமாக மட்டும் திறந்து எடுத்து, நெடி போக ஆறவிட்டு, முதல் வாரம் சாதா வைக்கோலோடு கலந்து பழக்கவேண்டும். கொஞ்சம் தவிடும் தாது உப்பும் சேரவேண்டும். மறையூர்ப் பக்கம் உள்ளவர்கள் கரும்புத் தோகை கிடைக்கும்வரை அதைப் போட்டு, வைக்கோலைப் பின்னுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கால்நடைத் துறைக்கு ஒரு வேண்டுகோள். மலைப்பகுதிக்குத் தரும் துண்டறிக்கையில் 21 நாள் என்ற வரியை எடுத்துவிட்டு, ஐந்து முதல் ஆறு வாரம், நிறத்தையும் நெடியையும் பார்த்துத் திறக்கவும் என்று அச்சிடுங்கள். ஒரே ஒரு மாடு வைத்திருக்கும் வீட்டில் அந்த ஒரு வரி ஒரு மாட்டைக் காப்பாற்றும்.