பொட்டுக் கட்டியது யார்?

மொழிபெயர்ப்பு வகுப்புக்கு வரும் மாணவிகளிடம் யாரோ முன்கூட்டியே ஒரு விதியைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்: தமிழுக்குச் செயப்பாட்டுவினை ஒத்துவராது, 'பட்டது' வந்தால் அடித்துவிட்டுச் செய்வினையாக்கு. பாதி சரியான விதி. மற்ற பாதி எங்கே இடறுகிறது என்பதை ஒரு பத்தியை வைத்துத்தான் சொல்ல முடியும்.

தேவதாசி முறை ஒழிப்பைப் பற்றி, ஆங்கில ஆய்வுக்கட்டுரைகளின் நடையிலேயே ஒரு சிறு பத்தி எழுதிப் பயிற்சிக்குக் கொடுத்திருந்தேன். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் அது இப்படி வரும்: "1947இல் சட்டம் இயற்றப்பட்டது. சிறுமிகள் கோயில்களுக்கு அர்ப்பணிக்கப்படுவது அதனால் தடைசெய்யப்பட்டது. அர்ப்பணிக்கப்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டவர்களாகவே பார்க்கப்பட்டனர். அவர்களால் அனுப்பப்பட்ட மனுக்கள் பொருட்படுத்தப்படவில்லை என்று வாதிடப்பட்டுள்ளது." வாய்விட்டுப் படித்தால் மூச்சு முட்டும். இப்படி எழுதிய மாணவியைக் குறைசொல்ல மாட்டேன், மூலத்துக்கு அவள் துரோகம் செய்யவில்லை.

இன்னொரு மாணவி விதியைக் கடைப்பிடித்தாள்: "1947இல் சட்டம் வந்தது. சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டுவதை அது தடைசெய்தது. பொட்டுக் கட்டிக்கொண்ட பெண்கள் பாதிப்புக்கு ஆளானவர்களாகவே தெரிந்தார்கள். அவர்கள் அனுப்பிய மனுக்கள் எடுபடவில்லை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்." நல்ல தமிழ். வகுப்பே கைதட்டியது. ஆனால் இந்த நான்கு வாக்கியங்களில் நான்கு இடங்களில் பொருள் மாறியிருக்கிறது.

முதலாவது, 'கட்டிக்கொண்ட'. 'அர்ப்பணிப்பு' என்ற சட்டச்சொல்லை விட்டுப் 'பொட்டுக் கட்டுதல்' என்ற வழக்குச்சொல்லுக்கு வந்தது சரியே. சட்டம் இதைப் போன்ற மற்றச் சடங்குகளையும் சேர்த்துத் தடுத்தது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். சிக்கல் 'கொள்' என்ற துணைவினையில் இருக்கிறது. அது செயலைச் செய்தவள் பக்கமே திருப்புகிறது. பூ வைத்துக்கொண்டாள், புடவை கட்டிக்கொண்டாள் என்பதுபோல, பொட்டையும் அவளே விரும்பிக் கட்டிக்கொண்டதாக ஆகிவிடுகிறது. நடந்தது என்ன? பெரும்பாலும் வயதுக்கு வராத பெண்குழந்தை. வீட்டில் மூத்தவர்கள் முடிவெடுப்பார்கள், கோயிலில் வேறொருவர் கை அந்தப் பொட்டைக் கட்டும். 'பொட்டுக் கட்டிவிட்டார்கள்' என்று எழுதினால் இன்னொரு சாய்வு வருகிறது. அந்த 'விட்டார்கள்' கேட்பவர் காதில் ஒரு குற்றச்சாட்டாகவே விழும். 'பொட்டுக் கட்டிய பெண்' என்றால் கட்டியவளா, கட்டப்பட்டவளா என்று தெரியாது.

இது வெறும் நடைப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் இதை எழுப்பிய 1920களின் இறுதியில் நடந்த சண்டையே இந்த வினைச்சொல்லைப் பற்றியதுதான். அவர் பார்வையில் அந்தச் சிறுமிகள் பிறரால் தள்ளப்பட்டவர்கள். எதிர்த்து மனுக்கொடுத்த தேவதாசிச் சங்கத்தினர், பெங்களூர் நாகரத்தினம்மாள் உட்பட, தங்களைத் தங்கள் கலைக்கும் சொத்துக்கும் உரியவர்களாக முன்வைத்தார்கள். அதே சமூகத்திலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தமோ ஒழிப்பின் பக்கம் நின்றார், 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலையும் எழுதினார். இந்தத் தரப்புகளில் எதையும் எடுக்காமல் ஆய்வுக்கட்டுரை சொல்லிப்போகும் வரியை, ஒரு துணைவினையால் ஒரு பக்கம் சாய்த்துவிட மொழிபெயர்ப்பவளுக்கு உரிமை கிடையாது. இங்கே 'பொட்டுக் கட்டப்பட்ட' என்று வைப்பதே நேர்மை. கட்டியவர் ஒருவர் உண்டு, அவர் யாரென்று இந்த வரி சொல்லவில்லை என்ற இரண்டையும் அது தாங்குகிறது.

'பட்ட' என்பதற்குத் தமிழில் இந்த வேலை எப்போதும் உண்டு. 'தாழ்ந்த' என்றால் பிறவியிலேயே தாழ்வு. 'தாழ்த்தப்பட்ட' என்றால் தாழ்த்தியவர் ஒருவர் இருக்கிறார். அந்தப் 'பட்ட'வை எந்த நடைச்செம்மைக்காகவும் யாரும் எடுத்துவிடக் கூடாது.

இரண்டாவது, 'தெரிந்தார்கள்'. பார்க்கப்படுவதற்கு ஒரு கண் வேண்டும், தெரிவதற்கு அது வேண்டியதில்லை. மூன்றாவதும் இதே வகை: மனு 'எடுபடவில்லை' என்றால் தோல்வி மனுவுக்கு. பொருட்படுத்தாமல் விட்டவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். உடை, உடைந்தது, முறி, முறிந்தது என்று தானாக நிகழும் வினைகள் தமிழில் ஏராளம். ஆங்கிலச் செயப்பாட்டுவினையிலிருந்து தப்பி ஓடும்போது முதலில் நாம் ஒதுங்குவது அவற்றின் நிழலில்தான். சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வாக்கியத்தைப் பார்த்து 'யார்?' என்று கேளுங்கள். 'கதவு திறக்கப்பட்டது' என்றால் 'யார் திறந்தது?' என்ற கேள்வி தானாக எழும். 'கதவு திறந்தது' என்றால் காற்றடித்திருக்கலாம், கேள்வி எழாது. மூலத்தில் எழும் கேள்வி தமிழில் எழாமல் போனால் பொருள் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆளை மறைக்கும் கலையை ஆங்கிலம்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தது என்று நினைப்பவர்களும் உண்டு. செயப்படுபொருளையே செய்தவர்போல வைத்துச் சொல்வதைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் வழக்காக ஏற்கிறது. அதற்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. சாணம் கரைத்து, குனிந்து, முழங்கால் தேய மெழுகியது யார் என்று இத்தனை நூற்றாண்டுகளாக அந்த உதாரணத்தை மனப்பாடம் செய்தவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. இயல்பான தமிழ் என்பதாலேயே ஒரு வாக்கியம் நிரபராதி ஆகிவிடாது.

நான்காவது, 'ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்'. மூலத்தில் ஒரு வாதம் இருக்கிறது, எத்தனை பேருடையது என்று தெரியாது. தமிழில் அது ஒரு துறையின் ஒருமித்த கூற்றாகிவிட்டது. வாதம் தகவலாகவும் மாறிவிட்டது. அடிக்குறிப்பில் பெயர் இருந்தால் பெயரைச் சொல்லலாம். இல்லையென்றால் 'என்றொரு வாதம் உண்டு' போதும்.

மீண்டும் எழுதிப் பார்த்தோம்: "1947இல் சட்டம் வந்தது. சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டுவதை அது தடைசெய்தது. பொட்டுக் கட்டப்பட்ட பெண்களைப் பாதிக்கப்பட்டவர்களாகவே பார்த்தார்கள். அந்தப் பெண்கள் அனுப்பிய மனுக்களைப் பொருட்படுத்தவில்லை என்றொரு வாதம் உண்டு."

'சட்டம் வந்தது' என்பதை அப்படியே விட்டேன். சட்டம் தானாக வராது என்பது எல்லோருக்கும் தெரியும், இந்தப் பத்தியின் வழக்கும் அதைப் பற்றியதல்ல. 'பெண்களைப் பார்த்தார்கள்' என்பதில் 'ஐ' வந்து பெண்களை முன்னால் நிறுத்துகிறது, எழுவாய் இல்லாமலே ஆள் இருக்கிறார். 'பொருட்படுத்தவில்லை' இன்னும் வசதியானது. தமிழின் இந்த எதிர்மறைக்குத் திணையோ பாலோ எண்ணோ கிடையாது. 'பட்ட' இல்லாமலே, ஆளைக் கற்பனை செய்யாமலே, மூலம் மௌனம் காத்த அளவுக்கு இதுவும் மௌனம் காக்கிறது.

உடன்பாட்டு வினையில் அந்த வசதி இல்லை. 'அவள் அடிக்கப்பட்டாள்' என்பதைத் திருப்பும்போது அடித்தான், அடித்தார், அடித்தார்கள் என்று ஏதோ ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அடித்தது கணவன் என்று மூலம் சொல்லாதபோது 'அடித்தான்' ஓர் ஊகம். 'அடித்தார்' என்றால் அந்த ஊகத்துக்கு மேல் ஒரு மரியாதையும். அந்த இடத்தில் நான் பெரும்பாலும் 'அடிபட்டாள்' என்று எழுதுவதில்லை, படிக்கட்டில் விழுந்தவளும் அடிபட்டவள்தான். 'அவளுக்கு அடி விழுந்தது' என்று எழுதுவேன். அடி விழுந்தது என்று கேட்ட எந்தப் பெண்ணும் அடுத்து, "யார் அடிச்சா?" என்றுதான் கேட்பாள்.