ரத்தம் எடுத்த மணி

வான்கோமைசின் ஏறும் நோயாளியின் ஆய்வக அறிக்கையில் லிட்டருக்கு 17 மில்லிகிராம் என்று வருகிறது. அந்த எண் நல்லதா கெட்டதா என்பதை, ரத்தம் எடுத்த மணி தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. வான்கோமைசின், ஜென்டமைசின் இரண்டையும் சிறுநீரகமே வெளியேற்றுகிறது. அளவு மிஞ்சினால் இரண்டும் அந்தச் சிறுநீரகத்தையே தாக்கும். அதனால்தான் ரத்தத்தில் அவற்றின் அளவைப் பார்க்கிறோம். ஆனால் எந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்பது இரண்டுக்கும் ஒன்றல்ல.

ஜென்டமைசின் எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறதோ அவ்வளவு வேகமாகக் கிருமியைக் கொல்லும். அதனால் அதற்கு உச்ச அளவு முக்கியம். ஆனால் ட்ரிப் முடிந்த கையோடு ரத்தம் எடுத்தால், மருந்து திசுக்களுக்குள் பரவுமுன் ரத்தத்தில் இருக்கும் பொய்யான உயரமே கிடைக்கும். எனவே அரைமணி நேர ட்ரிப் முடிந்து இன்னும் அரைமணி காத்திருந்து எடுப்பது வழக்கம். அடுத்த டோஸுக்குச் சற்று முன் எடுக்கும் அடிமட்ட அளவு, அதாவது ட்ரஃப், வேறு கேள்விக்கு விடை தருகிறது. சிறுநீரகக் குழல்களின் செல்கள் ஜென்டமைசினை உள்ளிழுக்கும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆகையால் சில மணி நேரம் நீடிக்கும் உயர்ந்த அளவைவிட, நாள் முழுக்க இறங்காமல் நிற்கும் நடுத்தர அளவே அவற்றுக்குள் அதிகமாகச் சேர்கிறது. எட்டு மணிக்கொரு டோஸ் தரும் பழைய முறையில் உச்சம் 5 முதல் 10 வரை, ட்ரஃப் 2-க்குக் கீழே என்று இலக்கு வைத்ததன் காரணம் இதுதான்.

நாளுக்கு ஒரே பெரிய டோஸ் என்ற முறை வந்ததும் ட்ரஃப் பெரும்பாலும் பயனற்றுப் போனது. சிறுநீரகம் நன்றாக இயங்குபவரிடம் 24-ஆம் மணியில் அளக்கக்கூட எதுவும் மிஞ்சாது. 1995-இல் வெளியான ஹார்ட்ஃபோர்டு வரைபடம் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்தது. எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் கொடுத்து, ட்ரிப் தொடங்கிய 6 முதல் 14 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு மாதிரி எடுக்க வேண்டும். அது வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்து, அடுத்த டோஸ் 24, 36, 48 மணிகளில் எதற்கு என்று முடிவு செய்யலாம். ஆனால் கிலோவுக்கு 5 மில்லிகிராம் கொடுத்துவிட்டு அதே வரைபடத்தைப் பார்ப்பது தவறு. தீக்காயம், கர்ப்பம், வயிற்றில் நீர்க்கோவை உள்ளவர்களிடம் மருந்து பரவும் விதமே வேறு என்பதால் அவர்களுக்கும் அது பொருந்தாது.

வான்கோமைசினில் கதை மாறுகிறது. இங்கே வேலை செய்வது உச்சம் அல்ல, நாள் முழுவதும் கிருமி எதிர்கொண்ட மொத்த அளவு. வரைகோட்டின் கீழ்ப் பரப்பான ஏயுசி அதைத்தான் அளக்கிறது. ஏயுசியைக் கணக்கிடுவது கடினம் என்பதால், 2009-இன் அமெரிக்க வழிகாட்டுதல் கடுமையான தொற்றுகளில் அதற்குப் பதிலாக 15 முதல் 20 வரையிலான ட்ரஃபை இலக்காக்கியது. நான்காவது டோஸுக்கு முன் ஒரு ஊசிக்குத்து, ஒரு எண்: வார்டில் யாராலும் செய்ய முடிகிற எளிமை. அந்த எளிமையின் விலையை ஒரு கணக்கில் காணலாம்.

சுமார் 70 கிலோ எடையுள்ளவருக்கு 12 மணிக்கொரு முறை 1 கிராம் தரப்படுகிறது. காலை 8 முதல் 9 வரை ட்ரிப். 10:30-க்கு எடுத்த மாதிரியில் 28, இரவு 7:30-க்கு எடுத்ததில் 14. ஒன்பது மணி நேரத்தில் பாதியாகிறது. இந்தச் சரிவைப் பின்னோக்கி நீட்டினால் ட்ரிப் முடிந்தபோது சுமார் 31, முன்னோக்கி நீட்டினால் இரவு 8 மணிக்கு சுமார் 13.5. பரப்பைக் கூட்டினால் 12 மணி நேரத்துக்கு 255, நாளுக்கு 510. கடுமையான எம்ஆர்எஸ்ஏ தொற்றுக்கு 2020-இன் திருத்தப்பட்ட வழிகாட்டுதல் வைத்த இலக்கு 400 முதல் 600. ஆக டோஸ் சரியாகவே இருக்கிறது. ஆனால் 13.5 என்ற ட்ரஃபை மட்டும் பார்த்தவர், போதவில்லை என்று 1.5 கிராமுக்கு உயர்த்துவார். ட்ரஃப் 20-ஐத் தொட்டு நிம்மதி தரும். பரப்போ 765-ஐத் தாண்டும். அந்தச் சுமை சிறுநீரகத்தின் மேல் விழும்.

இதே நோயாளியிடம் இரண்டரை மணி நேரம் முந்தி, மாலை 5 மணிக்கே ‘ட்ரஃப்’ எடுத்திருந்தால் 17 வந்திருக்கும். படிவத்தில் 7:30 என்று எழுதியிருந்தால் அது இலக்குக்குள் கச்சிதமாக உட்கார்ந்து ஏமாற்றியிருக்கும். எடுக்க வேண்டிய நேரத்தை எழுதுவதைவிட எடுத்த நேரத்தை எழுதுவது முக்கியம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நேரம் உண்மையாக இருந்தால் தவறிய மாதிரியையும் கணக்கில் திருத்திக்கொள்ளலாம். மருந்து ஏறிய அதே லைனிலிருந்து ரத்தம் எடுத்ததைத் திருத்த வழியில்லை. குழாயில் ஒட்டியிருந்த மருந்தும் சேர்ந்து எண் எகிறும்.

இரண்டு மாதிரி எடுப்பதற்குச் செலவும் வலியும் உண்டு. சில நாளில் நிறுத்தப்போகிற சாதாரணத் தொற்றுக்கு அது தேவையில்லை. ரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ இருப்பவருக்கும் சிறுநீரகம் நாளுக்கு நாள் மாறுபவருக்கும் அதைச் செய்தே ஆகவேண்டும்.

ஜென்டமைசினில் ஒரு குறையை எந்த நேரத் தேர்வும் போக்காது. அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் உட்செவியின் சமநிலை உறுப்பு கெடலாம். மைட்டோகாண்டிரியாவில் குறிப்பிட்ட மரபு மாற்றம் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவிலேயே காது கேளாமல் போகலாம். ஒரு வாரத்தைத் தாண்டும் சிகிச்சையில், நடக்கும்போது தள்ளாடுகிறதா, காதில் இரைச்சல் கேட்கிறதா என்று நோயாளியிடம் தினமும் கேட்க வேண்டும். ஆம் என்று அவர் சொன்னால், அறிக்கை இயல்பாக இருந்தாலும் மருந்தை நிறுத்துவது பற்றி அன்றே பேசியாக வேண்டும்.