தட்டு சரி, சர்க்கரை தப்பு

கரும்பு அரவைக் காலத்தில் சர்க்கரை ஆலை ஆய்வகங்களில் ஷிஃப்டு தொடங்கியதும் செய்யும் வேலைகளில் ஒன்று போலாரிமீட்டரைச் சரிபார்ப்பது. கருவியின் மாதிரி அறை காலியாக இருக்கும்போது திரையில் பூஜ்யம் வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு பெட்டியிலிருந்து குவார்ட்ஸ் தட்டை எடுத்து வைத்து, சான்றிதழில் உள்ள எண் வருகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் சரி என்றால் பதிவேட்டில் ஒரு டிக். ஐந்து நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனை கொடுக்கிற தகவல் அதிகம். ஆனால் அந்த டிக்கைப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் வரும் எல்லா அளவுகளையும் நம்புகிறார்களே, அங்கேதான் சிக்கல்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். நூறு மில்லிலிட்டரில் சுமார் 26 கிராம் தூய சுக்ரோஸ் கரைத்து, 200 மில்லிமீட்டர் குழாயில் ஊற்றி 20 டிகிரியில் பார்த்தால் சோடியத்தின் மஞ்சள் ஒளி ஏறக்குறைய 34.6 பாகை திரும்பும். அதையே சர்வதேச சர்க்கரை அளவுகோலில் 100 °Z என்று வைத்திருக்கிறார்கள். ஒன்றரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய ஒரு குவார்ட்ஸ் சில்லும் அதே அளவு திருப்பும். கரைசல் புளிக்கும், ஆவியாகும், எடை போடுகிறவர் கையைப் பொறுத்து மாறும். தட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அலைநீளம் மாறும்போது குவார்ட்ஸும் சுக்ரோஸும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் மாறுவது இன்னொரு வசதி. கருவியின் வடிகட்டி பழசாகி ஒளி ஒரு நானோமீட்டர் நகர்ந்தாலே 34.6 பாகையில் 0.12 பாகை போல வித்தியாசம் வரும். தட்டு அதை உடனே காட்டிக்கொடுக்கும்.

பூஜ்யத்தையும் தட்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால் நோய் எங்கே என்றும் தெரியும். இரண்டும் ஒரே அளவு தள்ளிப்போயிருந்தால் அது வெறும் பூஜ்யப் பிழை; திருத்திவிட்டுப் போகலாம். பூஜ்யம் சரியாக இருந்து தட்டு மட்டும் விலகினால் அலைநீளத்தையோ தட்டு உட்கார்ந்திருக்கும் விதத்தையோ சந்தேகிக்க வேண்டும். தட்டை அதன் அச்சிலேயே கால் சுற்றுத் திருப்பி மறுபடி படித்தால் இது பிரிந்துவிடும். எண் மாறினால் தட்டு சாய்ந்திருக்கிறது, அல்லது சட்டகம் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. தட்டிலும் பூஜ்யத்திலும் குறையே இல்லாமல் எண் விலகுவதற்கு மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. நம் ஊரில் அதுதான் அடிக்கடி வருவது: வெயில்.

குவார்ட்ஸின் சுழற்சி ஒரு டிகிரி சூட்டுக்கு 0.000144 பங்கு கூடும். இதற்கான சூத்திரம் எளிது:

α(t) = α(20) × [1 + 0.000144 × (t − 20)]

சான்றிதழில் 100.00 °Z என்று போட்டிருக்கும் தட்டை 28 டிகிரி அறையில் வைத்தால் கருவி 100.12 காட்ட வேண்டும். காட்டினால் கருவி ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். ஆனால் சான்றிதழ் 100.00 என்கிறதே என்று நினைக்கும் கெமிஸ்ட், பொத்தானை அழுத்தித் திரையை 100.00க்குக் கொண்டுவந்துவிடுகிறார். சரியாக இருந்த கருவி அந்த நொடியிலிருந்து நூறுக்கு 0.12 குறைத்துக் காட்டத் தொடங்குகிறது. பதிவேடோ குறையில்லை என்று சொல்கிறது. இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. குவார்ட்ஸ் முறையில் வைத்தால் சில கருவிகள் இந்தத் திருத்தத்தைத் தாமே போட்டுக்கொள்ளும். அது தெரியாமல் கையாலும் ஒரு முறை போட்டால் திருத்தம் இரட்டிப்பாகும். பதிவேட்டில் தட்டின் வெப்பநிலைக்கு ஒரு கட்டம் இல்லாத ஆய்வகத்தில் இவற்றில் எது நடந்தது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

தட்டுக்குப் போட்ட கணக்கைச் சர்க்கரைக்கும் போட முடியாது. சூடேறினால் குவார்ட்ஸின் சுழற்சி கூடுகிறது, சுக்ரோஸ் கரைசலின் சுழற்சி குறைகிறது. புத்தகங்களில் சுக்ரோஸுக்கு டிகிரிக்கு ஏறக்குறைய 0.00047 என்ற எண் இருக்கும். இந்த நடைமுறையின் பெரிய பலவீனத்தை நான் பார்ப்பது இந்த எண்ணில்தான், ஏனென்றால் இதற்குள் இரண்டு எண்கள் ஒளிந்திருக்கின்றன. சுக்ரோஸின் சுழற்றும் திறனே குறைவதால் வருவது 0.00018 போல. மீதி 0.00029 கரைசல் விரிந்து, குழாயில் இருக்கும் சர்க்கரை குறைவதால் வருவது. கரைசலை 20 டிகிரியில் கோட்டுக்கு நிரப்பி 28 டிகிரியில் அளந்தால்தான் முழு எண்ணும் பொருந்தும். 28 டிகிரியிலேயே நிரப்பி 28 டிகிரியிலேயே அளந்தால் விரிவு என்ற பேச்சே இல்லை. முதல் பகுதி மட்டும் போதும்.

தூய சர்க்கரையை வைத்தே பார்ப்போம். 28 டிகிரியில் நிரப்பி அங்கேயே அளந்தால் கருவி 99.85 போலக் காட்டும். புத்தகத்து எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் அது 100.23 ஆகிவிடும். இந்த 0.23 சர்க்கரையில் இல்லாத சர்க்கரை. முன்னே சொன்ன கெமிஸ்ட் கருவியை 0.12 குறைத்து வைத்திருந்தால் இரண்டு தப்பும் ஒன்றையொன்று பாதி மறைத்து 100.11 வரும். சந்தேகப்படும்படி எதுவும் தோன்றாது. நியூயார்க் கச்சாச் சர்க்கரை ஒப்பந்தத்தில் 96 °Z அடிப்படைத் தரம். பத்தில் ஒரு பங்கு °Z கூட அங்கே பணம்.

தட்டு தொட முடியாத இடங்களும் உண்டு. தட்டை வைத்துப் பார்க்கும்போது குழாய் கருவிக்குள் இல்லை. அதன் நீளம், முனைக் கண்ணாடி, மூடியை முறுக்கிய இறுக்கம் எதுவும் சோதனைக்கு வருவதில்லை. மூடியை அளவுக்கு மேல் இறுக்கினால் கண்ணாடியில் ஏறும் அழுத்தமே ஒளியைக் கொஞ்சம் குழப்பும். அதே குழாயில் வெறும் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் பூஜ்யம் வராது, குட்டு வெளிப்பட்டுவிடும். தண்ணீர்க் குழாயையும் அன்றாடச் சோதனையில் சேர்க்க வேண்டும் என்பேன். பல இடங்களில் சேர்ப்பதில்லை. இன்னொன்று, தட்டு கண்ணாடிபோலத் தெளிவானது. பழுப்பேறிய சாறு வழியாக வரும் மங்கல் ஒளியில் கருவி எப்படித் தடுமாறும் என்று அது எப்படிச் சொல்லும்?

சாற்றிலும் கச்சாச் சர்க்கரையிலும் சுக்ரோஸ் தனியாகவும் இருப்பதில்லை. கூடவே இருக்கும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சேர்ந்து ஒளியை இடப்பக்கம் திருப்பும். சூடு ஏற ஏற அந்த இடத்திருப்பம் வேகமாகக் குறையும், 87 டிகிரியை ஒட்டி இல்லாமலே போய்விடும். நூற்றுக்கு ஒரு பங்கு இந்தக் கலவை இருந்தால் எட்டு டிகிரி உயர்வில் சுமார் 0.04 °Z கூடுதலாகத் தெரியும். சுக்ரோஸுக்கான திருத்தம் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அறுவடைக்குப் பின் வெயிலில் கிடந்த கரும்பின் சாற்றில் இந்தப் பங்கு இன்னும் அதிகம், பிழையும் அதோடு வளரும்.

திருத்தமே வேண்டாம், எல்லாவற்றையும் 20 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பதுதான் நியாயமான பதில். நானும் அதையே விரும்புவேன். ஆனால் கோட்டுக்கு நிரப்பும்போதும் கரைசல் 20 டிகிரியில் இருக்க வேண்டும். 28இல் நிரப்பிவிட்டு அளக்கும்போது மட்டும் குளிரவைத்தால் கரைசல் சுருங்கி, எண் 0.2க்கு மேல் கூடிவிடும். கடலோர மாவட்ட ஆலைகளில் இன்னொரு இடைஞ்சல் உண்டு. ஈரம் மிகுந்த நாட்களில் அறைக் காற்று 24, 25 டிகிரியிலேயே பனிக்கத் தொடங்கிவிடும். நீருறை போட்ட குழாயை மட்டும் 20க்குக் குளிரவைத்தால் முனைக் கண்ணாடிகளில் ஆவி படிந்து எண் நிலைகொள்ளாமல் ஆடும். அறையையே குளிரவைத்து உலர்த்த வசதி இருந்தால் 20 டிகிரி. இல்லையென்றால் குடுவை, குழாய், தட்டு மூன்றையும் அறை வெப்பத்திலேயே ஊறவைத்து, அந்த வெப்பநிலையை எழுதி, தட்டுக்கு 0.000144ஐயும் கரைசலுக்கு 0.00018ஐயும் தனித்தனியே போடுவது, அரைகுறையாகக் குளிரவைப்பதைவிடத் தேவலை.