‘வேலை முடியும் வரை’: ஒரு வாடகைக் குறைப்பு வாசகத்தை எடைபோடுதல்

கடைவீதிக் கட்டடத்தின் முகப்பை இடித்துக் கட்ட உரிமையாளர் முடிவுசெய்தால், கீழே கடை வைத்திருப்பவர் வாடகையைக் குறைக்கச் சொல்வார். பெரும்பாலும் உரிமையாளரும் இணங்குவார். தொகையைப் பேசி முடித்ததும் ஒரு வெள்ளைத்தாளில் இப்படி ஒரு வாசகம் எழுதப்படும்:

“கட்டடப் புதுப்பிப்பு வேலை முடியும் வரை மாத வாடகை ரூ. 40,000-க்குப் பதிலாக ரூ. 25,000 செலுத்தினால் போதும் என இருவரும் சம்மதிக்கிறோம்.”

எளிமையான, நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட வாசகம்தான். ஆனாலும் இதை நம்பிக் கையெழுத்திடக் கூடாது என்பது என் கருத்து. தஞ்சாவூரில் ஒரு ரெடிமேட் துணிக்கடை இருப்பதாக வைத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஜூன் 1 அன்று சாரம் கட்டுகிறார்கள். இரண்டு மாதத்தில் முடியும் என்பது பேச்சு. ஆடித் தள்ளுபடி விற்பனை முழுவதும் தார்ப்பாய்க்குப் பின்னால் நடக்கிறது. ஆகஸ்ட் 20 அன்று சாரத்தைப் பிரிக்கிறார்கள். ஆனால் மாடியில் டைல்ஸ் பதிப்பதும் பெயின்ட் அடிப்பதும் நவம்பர் வரை இழுக்கின்றன. இப்போது ‘வேலை முடிந்தது’ எந்த நாளில்? கடை முகப்பு திறந்துவிட்டதே, ஆகஸ்டோடு சரி என்பார் உரிமையாளர். மணல் மூட்டை இன்னும் படிக்கட்டில் கிடக்கிறதே, நவம்பர் வரை 25,000-தான் என்பார் கடைக்காரர். இருவருமே பொய் சொல்லவில்லை. இரண்டு பொருளுக்கும் அந்த வாசகத்தில் இடமிருக்கிறது.

முடிவு நாளை எழுதாத குறைப்பு நீதிமன்றத்தில் என்ன ஆகும் என்பதற்கு 1946-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ‘ஹை ட்ரீஸ்’ வழக்கு பேர்பெற்ற சான்று. லண்டனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். ஆண்டு வாடகை 2,500 பவுண்டு. போர்க்காலத்தில் வீடுகளுக்கு ஆள் வராததால் 1940-இல் அதை 1,250 பவுண்டாகக் குறைத்து எழுதிக்கொடுத்தார்கள். எதுவரை என்று எழுதவில்லை. 1945-இல் வீடுகள் நிரம்பியதும் முழு வாடகை கேட்டு வழக்கு வந்தது. குறைப்பு போர்க்கால நிலைமைக்காக மட்டுமே தரப்பட்டது, அந்த நிலைமை 1945 தொடக்கத்தில் முடிந்துவிட்டது, அதற்குப் பிந்தைய காலத்துக்கு முழு வாடகை உண்டு என்றார் நீதிபதி டென்னிங். நியாயமான முடிவுதான். ஆனால் இருவரும் ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டிய நாளை நீதிபதி ஊகித்துச் சொல்ல நேர்ந்தது.

இரண்டாவது குறை ‘செலுத்தினால் போதும்’ என்பதில் இருக்கிறது. மீதி 15,000 விடப்பட்டதா, தள்ளிவைக்கப்பட்டதா? உறவு நன்றாக இருக்கும்வரை யாரும் கேட்பதில்லை. உரிமையாளர் காலமாகி மகன் கணக்கைக் கையில் எடுக்கும்போதோ கட்டடம் கைமாறும்போதோதான் கேள்வி வரும். ஆறு மாதம் குறைப்பு நீடித்தால் மீதி 90,000 ரூபாய். அது இரண்டு மாத வாடகைக்கும் மேல். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி இரண்டு மாத நிலுவை, கடையைக் காலிசெய்யக் கோருவதற்கு ஒரு காரணம் என்பதை நினைத்தால், இது சின்ன ஓட்டை அல்ல. வரவேண்டிய பணத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு தாராளமாக இடம் தருகிறது. பதிலுக்கு எதையும் பெற வேண்டும் என்றுகூட அது கேட்பதில்லை. ஆனால் விட்டதாகத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது குறை உரிமையாளரைத் தாக்குவது. ஒப்பந்தத்தில் ஆண்டுதோறும் 5 சதவீத உயர்வு இருந்து, அது ஜூலையில் வந்தால், உயர்வு 40,000-க்கா, 25,000-க்கா? வாடகையே 25,000 என்று எழுதிவிட்டால், அதுதான் நடப்பு வாடகை என்று வாதாட வழி திறந்துவிடுகிறது.

சிலர் இதைச் சரிசெய்வதாக எண்ணி, ‘வியாபாரம் பாதிக்கப்படும் அளவுக்கு ஏற்ப’ குறைப்பு என்று எழுதுகிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் இது இன்னும் மோசம். மாதாமாதம் கடைக்காரரின் விற்பனைக் கணக்கை உரிமையாளர் பார்க்க வேண்டிவரும், மழையால் கூட்டம் குறைந்ததா சாரத்தாலா என்று வாக்குவாதம் வரும். ‘ஜூலை 31 வரை மட்டும்’ என்று தேதியை மட்டும் போடுவது உரிமையாளருக்குப் பாதுகாப்பு, ஆனால் வேலை தாமதமானால் முழுச் சுமையும் கடைக்காரர் தலையில் விழும். மேஸ்திரியை அமர்த்துவதும் விரட்டுவதும் உரிமையாளர் கையில் இருக்க, தாமதத்துக்குக் கடைக்காரர் விலை கொடுப்பது சரியல்ல.

என் பரிந்துரை, வாடகையைத் தொடாமல் தள்ளுபடியை நாள் கணக்கில் எழுதுவது:

“மாத வாடகை ரூ. 40,000 என்பதிலும், ஆண்டு உயர்விலும், அட்வான்ஸிலும் மாற்றமில்லை. சாரம், தடுப்பு, கட்டடப் பொருள், கட்டடக் கழிவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கடையின் முகப்பையோ நுழைவழியையோ மறைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் உரிமையாளர் ரூ. 500 தள்ளுபடி செய்கிறார். வேலை காரணமாகக் கடையைத் திறக்கவே முடியாத நாளுக்கு, இந்த ரூ. 500-க்குப் பதிலாக அந்த நாளின் வாடகை முழுவதும் தள்ளுபடி. தள்ளுபடியான தொகை முற்றிலும் விடப்பட்டது. அது நிலுவை ஆகாது, பின்னர் கேட்கப்படாது, அட்வான்ஸில் கழிக்கப்படாது. தொடங்கிய நாளையும் முகப்பு முழு அகலத்துக்கும் திறந்த நாளையும் இருவரும் கையெழுத்திட்டுக் குறிப்பார்கள். வேலைக்கு வாடகைதாரர் இடம் தராத நாட்கள் கணக்கில் சேரா. செப்டம்பர் 30-க்குள் முகப்பு திறக்கப்படாவிட்டால், லாக்-இன் காலம் பாக்கியிருந்தாலும் வாடகைதாரர் ஒரு மாத முன்னறிவிப்பில் கடையை ஒப்படைத்து அட்வான்ஸை முழுவதும் பெறலாம். இவ்வேலையைக் காரணம் காட்டி வாடகையை உயர்த்துவதாயின் தனி எழுத்து ஒப்பந்தம் வேண்டும்.”

நம் துணிக்கடைக்கு இதைப் பொருத்தினால், ஜூனில் 15,000 தள்ளுபடி, ஜூலையில் 31 நாளுக்கு 15,500. ஆகஸ்டில் 20 நாளுக்கு 10,000 போக 30,000 கட்ட வேண்டும். செப்டம்பரில் முழு வாடகை. மாடியில் பெயின்ட் அடிப்பது கடையை மறைக்காததால் கணக்கில் வராது. நுழைவழியை மறைத்து மணல் மூட்டை கிடந்தால் அது வரும். சாரம் நிற்கிறதா இல்லையா என்பதை வழிப்போக்கர்கூடச் சொல்லிவிடலாம் என்பதே இந்த அளவுகோலின் பலம்.

கடைசி வரி ஏன் வேண்டும் என்றால், கட்டடத்தை மேம்படுத்திய உரிமையாளர் வாடகைதாரரின் ஒப்புதலோடு வாடகையை உயர்த்தத் தமிழ்நாட்டுச் சட்டமே இடம் தருகிறது. ஜூனில் தந்த தள்ளுபடியே அந்த ஒப்புதலுக்கான விலை என்று செப்டம்பரில் யாரும் சொல்லிவிடக் கூடாது.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. முகப்பு திறந்திருந்தும் தூசியும் இரைச்சலும் வாடிக்கையாளரை விரட்டினால் கடைக்காரருக்கு எதுவும் கிடைக்காது. கல் அறுக்கும் வேலையைக் காலை 10 மணிக்கு முன் முடிக்க வேண்டும் என்று தனியாக எழுதிக்கொள்ளலாம். தூசிக்கு விலை குறிக்க முயன்றால் மறுபடி பழைய வாக்குவாதத்துக்கே திரும்புவோம். தெளிவுக்காக இந்த இழப்பை ஏற்கலாம் என்றே நினைக்கிறேன்.

மூல ஒப்பந்தம் பதிவானது என்றால், பின்னால் வாய்மொழியாக மாற்றிக்கொண்டோம் என்று நிறுவச் சாட்சியச் சட்டம் இடம் தராது. ஆகவே இதை வாட்ஸாப் செய்தியோடு விட்டுவிடாதீர்கள். துணை ஒப்பந்தமாக எழுதி, பதிவும் வேண்டுமா என்று வழக்கறிஞரிடம் கேட்டு, சாரம் கட்டுவதற்கு முன்பே கையெழுத்திடுங்கள்.