தண்டவாளம், குட்டை, டம்ளர்: ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் பொருள்களின் அரசியல்

சினிமாவில் குறியீடு என்று பேச ஆரம்பித்தாலே நம்மில் பலர் புதிர் விடுவிக்கும் மனநிலைக்குப் போய்விடுகிறோம். இயக்குநர் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார், அறிவாளிப் பார்வையாளன் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்கிற ஏற்பாடு. ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ (1941) இந்த மனநிலைக்கு ஒரு முன்மாதிரி மாதிரி ஆகிவிட்டது. சாகும்போது ஒருவன் சொன்ன சொல்லுக்குரிய பொருள் கடைசியில்தான் காட்டப்படுகிறது. அதுவரை நாம் தேடிக்கொண்டிருக்கிறோம். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) நேர் எதிராக வேலை செய்கிறது. முக்கியமான பொருள்களை எல்லாம் முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் நம் முன்னால் வைத்துவிடுகிறது. ஒளிவுமறைவே கிடையாது. பிறகு அவற்றை ஆள் மாற்றி, இடம் மாற்றித் திரும்பக் கொண்டுவருகிறது.

திருவண்ணாமலையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசியபோது ஒரு தோழர் கேட்டார்: “இதெல்லாம் ரெண்டாவது தடவை பாத்தாத்தானே தெரியும்? முதல் தடவை கதை இழுத்துட்டுப் போயிடுதே?” நியாயமான கேள்வி. கதையை விட்டுவிட்டுப் பொருளைப் பார் என்பது இதற்குப் பதிலாகாது. கதைக்குள் ஒரு பொருள் என்ன வேலை செய்கிறது என்று கவனித்தால் போதும்.

முதலில் குட்டை. பரியனும் நண்பர்களும் நாய்களோடு குளித்துவிட்டுக் கரையில் இருக்கிறார்கள். ஆதிக்க சாதி ஆட்கள் வருவதைப் பார்த்ததும் இவர்கள் எழுந்து போகிறார்கள். வந்தவர்கள் தண்ணீரில் மூத்திரம் பெய்கிறார்கள். கவனிக்க வேண்டியது, ஆட்கள் போன பிறகும் காமிரா அங்கேயே இருக்கிறது என்பது. கதாநாயகன் கிளம்பிவிட்டான், கதை அவனோடு போயிருக்க வேண்டும். ஆனால் படம் தண்ணீரிடம் நிற்கிறது. யாருக்காக நிற்கிறது? முதல் தடவை பார்ப்பவருக்கான முதல் தடயம் இது. ஆள் போனபின் காமிரா எங்கே தங்குகிறதோ, அந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளலாம். அதற்கு அர்த்தம் சொல்ல அவசரப்பட வேண்டியதில்லை.

பிறகு ஜோவின் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பின் பேரில் பரியன் போகிறான். அங்கே அவனை அறையில் அடைத்து அடித்து, அவன் மேலேயே மூத்திரம் பெய்கிறார்கள். அதே செயல்தான். குட்டை இருந்த இடத்தில் இப்போது ஓர் உடல் இருக்கிறது. தண்ணீரைத் தீட்டாக்கியவர்களும் உடலை அவமதித்தவர்களும் வேறு வேறு ஆட்கள். செயல் மட்டும் ஒன்று. இந்த மாற்றீட்டின் வழியாகத்தான் படம் தன் வாதத்தைச் சொல்கிறது: இது ஒரு கெட்டவனின் குணம் பற்றிய கதை இல்லை, கைமாறிக்கொண்டே இருக்கும் ஒரு பழக்கம் பற்றியது. ஆகவே இரண்டாவது தடயம்: ஒரே செயல் திரும்ப வரும்போது, முன்பு அந்த இடத்தில் இருந்தது எது, இப்போது இருப்பது யார் என்று கேட்பது.

குட்டைக் காட்சியின் அர்த்தத்தை எங்களில் யாருக்கும் எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய முடிந்தது 2023 ஜனவரி 30 அன்றுதான். அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. எந்தத் தண்ணீர் யாருக்கு, எந்தப் படி யாருக்கு என்பது இங்கே தினசரி நடைமுறை. பொருளுக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு வரலாறு இருப்பதால்தான் திரையில் அது குறியீடாக முடிகிறது.

அடுத்தது தண்டவாளம். கருப்பி என்ற நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போடுகிறார்கள். பரியன் ஓடுகிறான், ரயில் முந்திக்கொள்கிறது. தண்டவாளம் என்றதும் ‘சேராத இரு கோடுகள், சேராத இரு காதலர்’ என்று ஒரு விளக்கம் தயாராக வந்து விழும். எந்தப் படத்துக்கும் பொருந்தும் விளக்கம் என்பதாலேயே அதைச் சந்தேகிக்க வேண்டும். இந்தப் படத்தில் தண்டவாளம் ஒரு கொலைக்கருவி. கூடவே, கொலையை மறைக்கும் கருவி.

நடுவில் வரும் அந்தக் கிழவரைப் பாருங்கள். ஒரு பையனை ஆற்றில் அமுக்கிக் கொல்கிறார். ஒருவனைப் பேருந்திலிருந்து தள்ளிவிடுகிறார். ஒரு பெண்ணைத் தூக்கில் தொங்கவிடுகிறார். எல்லாமே விபத்தாக, தற்கொலையாகக் கணக்கில் ஏறும். இந்த வரிசையைப் பார்த்துவிட்டால், கடைசியில் பரியனைத் தண்டவாளத்தில் அவர் கிடத்தும்போது கருப்பியின் சாவுக்குப் புது அர்த்தம் வந்துவிடுகிறது. அங்கேயும் கொன்றது ரயில்தான், கட்டியவன் கண்ணில் படவில்லை. வெளியே இருக்கும் வரலாறும் இதுதான். 2013 ஜூலை 4 அன்று தருமபுரி இளவரசனின் உடல் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தது. அது எப்படிப்பட்ட சாவு என்ற சர்ச்சை ஓயவில்லை. 2015 ஜூனில் கோகுல்ராஜின் உடல் பள்ளிப்பாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. தற்கொலை என்று காட்ட ஏற்பாடுகள் நடந்திருந்தன. 2022இல்தான் மதுரை நீதிமன்றம் அதைக் கொலை எனத் தீர்ப்பளித்து ஆயுள் தண்டனை விதித்தது.

பரியனை எழுப்ப, செத்துப்போன கருப்பி வருகிறாள். கிழவர் தன்னையே ரயிலுக்குக் கொடுக்கிறார். நாய், மனிதன், கொலையாளி என்று மூன்று உடல்கள் ஒரே இடத்துக்கு வந்து போகின்றன; ஒவ்வொரு முறையும் முடிவு வேறு. ஒரு பொருள் திரும்ப வருவதால் மட்டும் குறியீடாவதில்லை. அதைச் சுற்றியிருக்கும் உறவு மாறிக்கொண்டே வர வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நீலம் இந்தப் படத்தில் முக்கியமான நிறம்தான். ‘நான் யார்’ பாடலில் நீலம் பூசிய உருவங்கள் வருகின்றன, அங்கே படமே விரலை நீட்டிக் காட்டுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு, பின்னால் போகிற ஆளின் நீலச் சட்டையையும் அம்பேத்கர் என்று வாசிக்கத் தொடங்கினால் வாசிப்பு செத்துப்போகும். சோதனை சுலபம்: அந்தப் பொருளை மனதில் எடுத்துவிட்டுப் படத்தை ஓட்டிப் பாருங்கள். நீலச் சட்டையை வெள்ளையாக்கினால் ஒன்றும் ஆகாது. தண்டவாளத்தை எடுத்துவிட்டால் படமே நிற்காது.

கடைசி ஷாட்டில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள், இடையில் ஒரு மல்லிகைப் பூ. பேசியவர்கள் சட்டகத்தில் இல்லை. குட்டையில் பார்த்த அதே உத்தி: ஆள் போய்விட்டான், காமிரா தங்குகிறது. தொடக்கத்தைக் கவனித்தவருக்கு இந்த முடிவு முதல் தடவையிலேயே திறந்துகொள்ளும். தமிழ்நாட்டு டீக்கடைகளில் ஒருவருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொருவருக்குச் சிரட்டையோ தனிக் குவளையோ என்றிருந்த வரலாற்றுக்கு எதிரே இந்த இரண்டு டம்ளர்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இதை சமரசம் என்று படித்த நண்பர்கள் உண்டு. கொலைக்குத் துணைபோன தகப்பனோடு உட்கார்ந்து டீ குடிப்பதா என்பது அவர்கள் கோபம். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குச் சற்று முன், நாங்கள் நாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கிற வரைக்கும் எதுவும் மாறாது என்ற பொருளில் பரியன் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். கருப்பி மறுபடியும் பேச்சுக்குள் வந்துவிட்டாள். டம்ளர்கள் பக்கத்தில் இருக்கின்றன, ஒட்டிக்கொள்ளவில்லை. நடுவில் இடைவெளி இருக்கிறது. பூ அந்த இடைவெளியை நிரப்புகிறதா, எல்லையாகக் கிடக்கிறதா என்பதைப் படம் முடிவு செய்யவில்லை. அதைத் தீர்க்க வேண்டியது டீக்கடையும் ஊரும்.