‘கண்ணுக்குக் கண்’: பழியும் ஈடும்

‘கண்ணுக்குக் கண்’ என்பதைப் பழிவெறியின் குரலாகக் கொள்வது வழக்கம். யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் அது பழிக்கு எல்லை வகுக்கும் விதி என்பதே நமது கருத்து. ஹமுராபியின் சட்டம் உயர்குடியினன் கண்ணுக்குக் கண்ணையும், எளியோன் கண்ணுக்கு வெள்ளியையும் விதித்தது. லேவியராகமம் 24 அந்நியனுக்கும் சுதேசிக்கும் ஒரே நீதி என்கிறது. ஆயினும் அடிமையின் கண்ணைக் கெடுத்த எசமான் தன் கண்ணை இழப்பதில்லை. அவ்வடிமையை விடுதலை செய்வதே அவன் கடன்.

ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா பண ஈட்டையே விதித்தது. ஊனம், நோவு, மருத்துவம், வேலையிழப்பு, அவமானம் என ஐந்து வகையில் அது கணிக்கப்பட்டது. குருடன் ஒருவன் பிறனைக் குருடாக்கினால் அவனிடம் எதனைப் பறிப்பது என்று தல்மூத் வினவுகிறது. கொலைஞனின் உயிருக்கு ஈட்டுப்பணம் பெறலாகாது என்னும் எண்ணாகமம் 35இன் விதியிலிருந்து, உறுப்புகளுக்குப் பெறலாம் என்றும் உய்த்துணர்கிறது. ‘மெய்யாகவே கண்’ என்ற ரபி எலியேசரின் கூற்றுக்கும் அது வேறு விளக்கம் தேடுகிறது.

இம்மாற்றத்தை மனிதாபிமானத்தின் வெற்றியென்று மட்டும் நாம் கொள்ள இயலாது. ஊனத்தின் மதிப்பு, காயத்துக்கு முன்னும் பின்னும் அம்மனிதன் அடிமைச் சந்தையில் பெறக்கூடிய விலைகளின் வேறுபாடாகும். அவமானமோ இருவரின் சமூகத் தகுதிக்கேற்ப அளக்கப்பட்டது. குற்றவாளியின் கண் தப்பியது. ஆனால் எல்லோர் கண்ணும் ஒன்றே என்ற அளவுகோல் கைவிடப்பட்டது.